புது இன்டர்ன் ஆபீஸ் சாட்டிலும் மெயிலிலும் எப்படிக் கேட்பது, எப்போது கேட்பது?

கேள்வி: பி.இ. கடைசி வருடம். சென்னை ஓஎம்ஆரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இன்டர்ன்ஷிப் சேர்ந்து இரண்டு வாரம் ஆகிறது. சந்தேகம் கேட்டால் சிலர் பதிலே போடுவதில்லை. நேற்று என் மென்டாருக்கு "ஹாய் அண்ணா, ஃப்ரீயா?" என்று போட்டுவிட்டு ஒரு மணி நேரம் காத்திருந்தேன். அடுத்த வாரத்திலிருந்து அமெரிக்க க்ளையன்ட்டுக்கும் நானே மெயில் போட வேண்டுமாம். எதைச் சாட்டில் கேட்பது, எதை மெயிலில்? ராத்திரி அனுப்பலாமா? பதில் வராவிட்டால் திரும்பக் கேட்டால் தொந்தரவாக நினைப்பார்களா?

பதில்:

உங்கள் அண்ணாவுக்கு உங்கள் மேல் கோபம் எதுவும் இருக்காது. அந்த மெசேஜ் அவருக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று பாருங்கள். அவர் ஒரு மீட்டிங்கில் இருக்கிறார். திரையின் ஓரத்தில் ஒரு நோட்டிஃபிகேஷன் வந்து போகிறது: "ஹாய் அண்ணா, ஃப்ரீயா?" இதற்கு அவர் என்ன பதில் சொல்ல முடியும்? "ஃப்ரீ" என்று சொன்னால் இரண்டு நிமிட வேலை வருமா, ஒரு மணி நேர வேலை வருமா என்று தெரியாது. "இல்லை" என்று சொல்லவும் மனசு வராது. "மீட்டிங் முடியட்டும், பார்க்கலாம்" என்று விடுவார். மீட்டிங் முடிவதற்குள் அதன் மேல் இன்னும் பத்து மெசேஜ் வந்து குவிந்திருக்கும். இந்தப் பழக்கம் எல்லா ஊர் ஆபீஸிலும் உண்டு. வெறும் ஹலோ போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள் என்று சொல்வதற்கென்றே nohello.net என்ற தளம் இருக்கிறது. அதன் இணைப்பைத் தங்கள் சாட் ஸ்டேட்டஸில் போட்டு வைப்பவர்களும் உண்டு.

அதற்காக வணக்கத்தை விட்டுவிட வேண்டாம். எடுத்த எடுப்பில் விஷயத்துக்குப் போவது நம் ஊரில் மொட்டையாகத் தெரியும். வணக்கமும் விஷயமும் ஒரே மெசேஜில் இருந்தால் போதும். ஒவ்வொரு வரிக்கும் என்டர் தட்டி ஆறு துண்டாக அனுப்புவது இன்னும் மோசம், அங்கே ஆறு தடவை மணி அடிக்கும். புது வரி வேண்டுமானால் Shift+Enter தட்டுங்கள். இல்லையென்றால் நோட்பேடில் எழுதி முடித்து ஒட்டுங்கள்.

ஒரு உதாரணத்தை முழுசாகப் பார்ப்போம். ஆர்டர் ரிப்போர்ட் பக்கத்தில் தேதி ஃபில்டர் சேர்ப்பது உங்கள் வேலை. உங்கள் மெஷினில் ஓடுகிறது. ஸ்டேஜிங் என்ற சோதனை சர்வரில் லாகின் செய்து அந்தப் பக்கத்தைத் திறந்தால் பிழை வருகிறது. வழக்கமாக ஒரு புதியவர் இப்படிப் போடுவார்: "அண்ணா, ஸ்டேஜிங் வொர்க் ஆகல. என்ன பண்றது?" இதைப் படித்தவர் குறைந்தது நாலு கேள்வி திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும். எந்தப் பக்கம், என்ன பிழை, மற்றவர்களுக்கும் வருகிறதா, என்னவெல்லாம் செய்து பார்த்தாய்? நாலு கேள்வி கேட்க நேரம் இல்லாதவர் ஒன்றுமே கேட்காமல் விட்டுவிடுவார்.

அதையே இப்படி எழுதலாம். நான் தமிழில் எழுதிக் காட்டுகிறேன். நீங்கள் ஆங்கிலத்தில் போடுவீர்கள், ஆனால் வரிசை இதேதான்.

> அண்ணா, வணக்கம். ஆர்டர் ரிப்போர்ட்டில் தேதி ஃபில்டர் சேர்க்கும் வேலையில் இருக்கிறேன். என் மெஷினில் சரியாக ஓடுகிறது. ஸ்டேஜிங்கில் லாகின் ஆகிறது, ஆனால் ரிப்போர்ட் பக்கத்தைத் திறந்தால் `403 Forbidden` வருகிறது. வேறு பிரவுசரில் பார்த்தேன், கேஷ் அழித்தும் பார்த்தேன், மாற்றம் இல்லை. என்னோடு சேர்ந்த இன்னொரு இன்டர்னுக்கு அவருடைய லாகினில் அதே பக்கம் திறக்கிறது. அதனால் என் அக்கவுண்ட்டுக்கு ரிப்போர்ட் பார்க்கும் அனுமதி விட்டுப்போயிருக்கலாம் என்று நினைக்கிறேன். அதை நீங்கள் கொடுக்க முடியுமா, அல்லது இன்ஃப்ரா டீமுக்கு டிக்கெட் போட வேண்டுமா? 4 மணி வரை எனக்கு டெஸ்ட் எழுதும் வேலை இருக்கிறது. அதற்குப் பிறகுதான் இது தேவைப்படும்.

நீளமாகத்தான் இருக்கிறது, ஆனால் படிக்க அரை நிமிடம் ஆகாது. கடைசிக் கேள்விக்கு "டிக்கெட் போடு" என்று இரண்டே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். மீட்டிங்கில் இருந்துகொண்டே சொல்ல முடியும். பிழையின் வாசகம் எழுத்தாகவே இருப்பதால், நாளைக்கு இன்னொருவர் சாட்டில் 403 என்று தேடினால் இது கிடைக்கும். மொபைலில் மானிட்டரைப் படம் எடுத்து அனுப்பினால் கிடைக்காது. ஸ்க்ரீன்ஷாட் போட வேண்டியிருந்தால் போடுங்கள், ஆனால் பிழையின் வரியை எழுத்தாகவும் ஒட்டுங்கள்.

அதில் "என்று நினைக்கிறேன்" என்று ஒன்று இருக்கிறதே, அதைக் கவனியுங்கள். ஊகத்தை ஊகம் என்று சொல்லியிருக்கிறது. அதோடு, எந்த வேலைக்காக அந்தப் பக்கம் தேவைப்படுகிறது என்பதையும் முதலிலேயே சொல்லியிருக்கிறது. "எனக்கு அனுமதி கொடுங்கள்" என்று மட்டும் கேட்டிருந்தால் அண்ணா கொடுத்துவிடுவார், ஆனால் பிரச்சினை வேறாக இருந்தால் இருவருக்கும் அரை நாள் வீண். செய்ய நினைக்கும் வேலையைச் சொன்னால், "அதற்கு அந்தப் பக்கமே வேண்டாமே, இந்த வழியாகப் போ" என்று சொல்ல அவருக்கு ஒரு வாய்ப்பு இருக்கும்.

எவ்வளவு நேரம் நாமே முட்டிப் பார்த்துவிட்டுக் கேட்பது? அரை மணி நேரம் என்பது என் கணக்கு. அந்த அரை மணியில் டாக்குமென்டையும் பழைய சாட்டையும் தேடிப் பார்த்திருக்க வேண்டும். பாஸ்வேர்ட், அனுமதி, சர்வர் முகவரி மாதிரி நமக்குள்ளேயே பதில் இல்லாத விஷயம் என்றால் பத்து நிமிடம் போதும். காலை 11 மணிக்கு மாட்டிக்கொண்டு சாயங்காலம் 6 மணிக்கு வாய் திறக்கும் இன்டர்னைப் பார்த்தால்தான் டீம் லீடுக்கு எரிச்சல் வரும். கேள்வி கேட்டதற்காக எரிச்சல் வருவது அபூர்வம்.

அடுத்து, எங்கே கேட்பது? புதியவர்கள் எல்லாரும் ஒருவருக்குத் தனியாக மெசேஜ் போடுவார்கள். "இது கூடத் தெரியாதா" என்று நாலு பேர் நினைப்பார்களே என்ற கூச்சம். இங்கே நான் கொஞ்சம் கறாராகவே சொல்வேன்: வேலை சம்பந்தமான கேள்வியை டீம் சேனலில் கேளுங்கள். அண்ணா மீட்டிங்கில் இருந்தாலும் வேறு யாராவது பதில் சொல்வார்கள். தவறான பதில் வந்தால் திருத்த ஆள் இருக்கும். அடுத்த பேட்ச் இன்டர்னுக்கும் அது தேடினால் கிடைக்கும். கேள்வியை யாரிடம் கேட்கிறீர்கள் என்று அவர் பெயரை @ போட்டுக் குறிப்பிடலாம். சம்பளம், லீவு, உடல்நிலை, ஒருவர் நடந்துகொண்ட விதம், இதெல்லாம் தனியாகத்தான் பேச வேண்டும், சேனலுக்கு வரக்கூடாது.

சேனலில் ஒரு கேள்விக்கான பதிலை அந்தக் கேள்வியின் த்ரெட்டுக்குள்ளேயே எழுதுங்கள். வெளியே எழுதினால் மூன்று பேச்சு ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு எது எதற்குப் பதில் என்று தெரியாமல் போகும். ஸ்லாக் பயன்படுத்துகிறீர்கள் என்றால் `@channel`, `@here` இரண்டையும் இப்போதைக்குத் தொடாதீர்கள். `@channel` போட்டால் அந்தச் சேனலில் இருக்கும் எல்லாருக்கும் தகவல் போகும், `@here` போட்டால் அந்த நேரத்தில் ஆக்டிவாக இருப்பவர்களுக்குப் போகும். இருநூறு பேர் இருக்கும் சேனலில் வைஃபை பாஸ்வேர்ட் கேட்க `@channel` போட்ட புண்ணியவான்களை எல்லா ஆபீஸிலும் நினைவு வைத்திருப்பார்கள்.

பிரச்சினை தீர்ந்ததும் அதே த்ரெட்டில் ஒரு வரி எழுதிவிடுங்கள்: "அனுமதிதான் விட்டுப்போயிருந்தது, இன்ஃப்ரா டிக்கெட் போட்டதும் சரியாகிவிட்டது, நன்றி." பெரும்பாலானோர் இதைச் செய்வதில்லை. எழுதாவிட்டால், மதியம் ஓய்வு கிடைத்து உங்கள் கேள்வியைப் பார்க்கிற ஒருவர் ஏற்கெனவே தீர்ந்த விஷயத்துக்கு இருபது நிமிடம் செலவழிப்பார்.

மொழியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், இது நம் ஊர் ஆபீஸ்களுக்கே உரிய சிக்கல். டீமில் பாதிப்பேர் தமிழ் என்றால் சேனலில் ஆங்கில எழுத்தில் தமிழ் ஓட ஆரம்பித்துவிடும். அதே சேனலில் ஹைதராபாத்திலிருந்தோ புனேயிலிருந்தோ ஒருவர் இருந்தால், அவர் வெளியாள் ஆகிவிடுகிறார். அவருக்குத் தேவையான தகவல் அதற்குள்தான் இருக்கும். தனி மெசேஜில் தமிழ் தாராளமாக இருக்கட்டும், பொதுச் சேனலில் எல்லாருக்கும் புரியும் மொழிதான். "அண்ணா", "அக்கா" என்பதும் அப்படியே. அவர்களுக்குப் பிடித்திருந்தால் தனிப் பேச்சில் கூப்பிடுங்கள். சேனலிலும் மெயிலிலும் அந்த டீமில் மற்றவர்கள் எப்படி எழுதுகிறார்களோ அப்படி. சென்னை ஐடி ஆபீஸ்களில் பெரும்பாலும் பெயர் சொல்லியே எழுதுவார்கள், மேனேஜரையும் சேர்த்து. வங்கி, அரசு சார்ந்த நிறுவனம், பழைய உற்பத்தித் தொழிற்சாலை என்றால் "சார்", "மேடம்" இன்னும் இருக்கும். கொஞ்ச நாள் பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள்.

பதில் வராவிட்டால் திரும்பக் கேட்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். எப்போது, எப்படி என்பதில்தான் விஷயம். பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி இருந்தால் அவர் சும்மா இருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். லேப்டாப் திறந்திருக்கிறது, அவ்வளவுதான். டீம்ஸில் படித்ததற்கான கண் அடையாளம் தெரிந்தாலும் அப்படியே. மீட்டிங் நடுவில் திறந்து பார்த்துவிட்டு மூடியிருப்பார்.

வேலை நின்றுபோயிருந்தால் இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை நினைவூட்டுங்கள். நிற்கவில்லை என்றால் மறுநாள் காலை போதும். வெறும் "??" போடுவது, "அண்ணா?" என்று மட்டும் போடுவது, இரண்டும் அதிகாரம் செய்வது போல இருக்கும். நினைவூட்டும்போது புதிதாக ஒரு தகவல் இருக்கட்டும்: "அண்ணா, டெஸ்ட் எழுதி முடித்துவிட்டேன். 403 மட்டும்தான் பாக்கி. நீங்கள் பிஸி என்றால் இன்ஃப்ரா டீமில் யாரைக் கேட்கலாம் என்று மட்டும் சொல்லுங்கள்." இப்படி எழுதினால் வேலை நகர்ந்திருப்பதும் தெரியும், அவர் தப்பித்துக்கொள்ள ஒரு வாசலும் இருக்கும். இரண்டாவது முறையும் பதில் இல்லையென்றால் மறுநாள் டீமின் தினசரி ஸ்டாண்ட்அப் மீட்டிங்கில் சொல்லிவிடுங்கள். புகார் மாதிரி வேண்டாம். "ஸ்டேஜிங் அனுமதிக்காகக் காத்திருக்கிறேன், நேற்றிலிருந்து" என்றால் போதும், லீட் பார்த்துக்கொள்வார்.

ராத்திரி விஷயத்துக்கு வருகிறேன். 11 மணிக்கு உங்களுக்கு ஒரு சந்தேகம் தோன்றினால் அப்போதே எழுதுங்கள், ஆனால் காலை 10 மணிக்குப் போகும்படி நேரம் குறித்து வையுங்கள். ஸ்லாக், டீம்ஸ், ஜிமெயில், அவுட்லுக் எல்லாவற்றிலும் இந்த வசதி இருக்கிறது. எதிராளி நோட்டிஃபிகேஷனை அணைத்து வைத்திருப்பார் என்று நம்பி அனுப்புகிறவர்கள் உண்டு. அணைக்காதவர்களும் உண்டு, அவர்களுக்குக் குழந்தை தூங்கும் நேரத்தில் போன் அதிரும். மறுபக்கமும் பாருங்கள்: மேனேஜர் ராத்திரி 10 மணிக்கு ஏதாவது போட்டால், அவர் தன் வேலையை முடித்துக்கொள்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். "இப்போதே" என்று அவர் சொல்லாதவரை காலையில் பதில் போடலாம். லைவ் சிஸ்டமே விழுந்துவிட்டது என்றால் அது வேறு. அப்போது சாட்டில் எழுதிவிட்டுக் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கு அவசரத்துக்கு ஆன்-காலில் இருப்பவர் யார் என்று பார்த்து போன் பண்ண வேண்டும். அந்தப் பட்டியல் எங்கே இருக்கிறது என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

உடம்பு சரியில்லை, வர முடியாது என்றால் ஸ்டாண்ட்அப்புக்கு முன்பே மேனேஜருக்கு நேரடியாகச் சாட்டில் சொல்லுங்கள். கூட இருக்கும் இன்டர்னிடம் சொல்லியனுப்பும் காலேஜ் பழக்கம் வேண்டாம். லீவு போர்ட்டலில் பிறகு பதிவு செய்யலாம்.

சாட்டா மெயிலா என்ற கேள்விக்கு என் பதில் சின்னது. கம்பெனிக்கு வெளியே போகிறதா, ஒப்புதல் கேட்கிறதா, மூன்று மாதம் கழித்து "யார் எப்போது சொன்னார்கள்" என்று தேட வேண்டி வருமா? ஏதாவது ஒன்று ஆம் என்றால் மெயில். மற்றதெல்லாம் சாட். சாட்டிலேயே ஐந்தாறு முறை மாறி மாறிப் பேசியும் புரியவில்லை என்றால், "ஐந்து நிமிடம் கால் பண்ணலாமா, இந்த ஃபில்டர் விஷயம்தான்" என்று கேட்டுப் பேசிவிட்டு, முடிவானதை த்ரெட்டில் இரண்டு வரியில் எழுதிவிடுங்கள்.

இனி அமெரிக்க க்ளையன்ட்டுக்குப் போடும் மெயில். இதில்தான் உண்மையில் கவனம் வேண்டும், ஏனென்றால் இங்கே ஒரு தெளிவில்லாத வரிக்கு ஒரு முழு நாள் விலை. நியூயார்க் நேரத்துக்கும் நமக்கும் கோடையில் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். அவர்கள் கடிகாரத்தை மாற்றிய பிறகு, நவம்பர் முதல் ஞாயிறிலிருந்து மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை, பத்தரை மணி நேரம். அவர்களின் காலை 9 மணி என்பது நமக்குக் கோடையில் சாயங்காலம் 6.30, குளிர்காலத்தில் 7.30. நீங்கள் திங்கட்கிழமை மாலை அனுப்புகிறீர்கள். அவர் படித்துவிட்டு "எந்தக் கோப்பைச் சொல்கிறீர்கள்?" என்று நமக்கு இரவு 9 மணி ஆகும்போது கேட்கிறார். நீங்கள் அதை செவ்வாய் காலை பார்த்துப் பதில் போடுகிறீர்கள். அது அவருக்கு நடுராத்திரி. அவர் படிப்பது நம் செவ்வாய் மாலை. கோப்பின் பெயரை எழுத மறந்ததற்கு இருபத்துநாலு மணி நேரம் போய்விட்டது. வெள்ளிக்கிழமை மாலை என்றால் திங்கள் மாலை வரை போகும்.

ஆகவே அந்த மெயிலில் அவர் திருப்பிக் கேட்க வேண்டிய அவசியமே இருக்கக் கூடாது. உதாரணத்துக்கு, அவர்கள் அனுப்பிய ஆர்டர் கோப்பில் அனுப்பிய தேதி சில வரிகளில் காலியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

> பொருள்: ஜூன் 3 ஆர்டர் கோப்பு: சில வரிகளில் `ship_date` காலி, ஜூன் 6-க்குள் உங்கள் முடிவு தேவை
>
> வணக்கம் (பெயர்),
>
> ஜூன் 3 அன்று நீங்கள் அனுப்பிய `orders_export.csv` கோப்பில் 5,180 வரிகளில் 412 வரிகளுக்கு `ship_date` காலியாக இருக்கிறது. மூன்று ஆர்டர் எண்களைக் கீழே கொடுத்திருக்கிறேன்.
>
> இவை இன்னும் அனுப்பப்படாத ஆர்டர்களா, அல்லது கோப்பு எடுக்கும்போது தகவல் விட்டுப்போயிருக்கிறதா?
>
> முதலாவது என்றால் ரிப்போர்ட்டில் "இன்னும் அனுப்பவில்லை" என்று காட்டுவோம். இரண்டாவது என்றால் புதிய கோப்பு வேண்டும்.
>
> ஜூன் 6, நியூயார்க் நேரம் மதியம் 12-க்குள் தெரிந்தால் அடுத்த வார வெளியீட்டில் சேர்த்துவிடலாம். அதற்குள் தெரியாவிட்டால் முதலாவது என்றே வைத்துக்கொண்டு தொடர்கிறோம், பிறகு மாற்றுவது எளிது.

தலைப்பு வரியைப் படித்தாலே என்ன கேட்கிறார்கள், எப்போதைக்கு என்று தெரிகிறது. "ஒரு சந்தேகம்", "அவசரம்" என்றெல்லாம் தலைப்பு போட்டால் நூறு மெயிலுக்கு நடுவில் அது தொலைந்துவிடும். தேதியை மாதப் பெயரோடு எழுதியிருக்கிறது. 06/03 என்று எழுதினால் அமெரிக்கர் ஜூன் 3 என்று படிப்பார், நாம் மார்ச் 6 என்று படிப்போம். "நாள் முடிவுக்குள்" என்று எழுதினாலும் யாருடைய நாள் என்று கேள்வி வரும், அதனால் ஊர் நேரத்தைக் குறிப்பிட வேண்டும். கடைசி வரி இருக்கிறதே, பதில் வராவிட்டால் நாம் என்ன செய்வோம் என்பது, அதுதான் வேலையை நிற்காமல் ஓட வைக்கும். ஆனால் அப்படி ஒரு முடிவை இன்டர்ன் தானாக எழுதிவிடக் கூடாது, மென்டாரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். எப்படியும் முதல் சில க்ளையன்ட் மெயில்களை அனுப்பும் முன் அவரிடம் காட்டுவது நல்லது. க்ளையன்ட்டை பெயர் சொல்லி விளித்தால் போதும், "ரெஸ்பெக்டட் சார்" அங்கே விநோதமாக இருக்கும்.

டூ, சிசி இரண்டுக்கும் ஒரு எளிய பிரிவு. யார் பதில் சொல்ல வேண்டுமோ அவர் டூ, யாருக்குத் தெரிந்திருந்தால் போதுமோ அவர் சிசி. டூவில் ஐந்து பேரைப் போட்டால் ஒவ்வொருவரும் மற்ற நாலு பேரில் ஒருவர் பதில் சொல்வார் என்று இருந்துவிடுவார்கள். ஒருவர் பதில் சொல்லவில்லை என்பதற்காக முன்னறிவிப்பில்லாமல் அவருடைய மேனேஜரை சிசியில் சேர்ப்பது கோள்மூட்டுவதற்குச் சமம். அந்த முடிவை உங்கள் லீட் எடுக்கட்டும்.

க்ளையன்ட்டிடமிருந்து மெயில் வந்து, சிசியில் உங்கள் மேனேஜரும் மற்றவர்களும் இருந்தால் எல்லாருக்கும் சேர்த்தே பதில் போடுங்கள். ஒருவரை விட்டுவிட்டால் பேச்சு இரண்டாகப் பிரிந்துவிடும். மாறாக, கம்பெனி முழுவதற்கும் ஹெச்ஆர் அனுப்பிய அறிவிப்புக்கு "நன்றி" என்று எல்லாருக்கும் போடாதீர்கள். 2016 நவம்பரில் பிரிட்டனின் என்எச்எஸ் மருத்துவ சேவையில், தவறுதலாக 8 லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களுக்கு ஒரு சோதனை மெயில் போய்விட்டது. அதற்குப் பலர் எல்லாருக்குமாகப் பதில் போட, மெயில் சிஸ்டமே தவழ ஆரம்பித்தது. "என்னை இந்தப் பட்டியலிலிருந்து எடுங்கள்" என்று எல்லாருக்கும் எழுதியவர்களும் அதில் உண்டு.

உங்களுக்கு வரும் மெயிலில் மூன்று கேள்வி இருந்தால் மூன்றுக்கும் பதில் இருக்க வேண்டும். சுலபமான ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு மற்றதை விடுவது மிகச் சாதாரணமாக நடக்கும். ஒன்றுக்குப் பதில் தெரியவில்லை என்றால், "இது குறித்து விசாரித்துவிட்டு நாளை சொல்கிறேன்" என்று எழுதிவிட்டு, நாளை உண்மையிலேயே சொல்லுங்கள். சாட்டில் ஒருவர் வேலை சொன்னால் 👍 போதுமா என்றால், தகவலுக்குப் போதும், வேலைக்குப் போதாது. "சரி, நாளை மதியத்துக்குள் முடிக்கிறேன்" என்று எழுதினால்தான் அவர் அதை மனசிலிருந்து இறக்கி வைப்பார்.

தொனியைப் பற்றிக் கேட்டால், நாம் மனசில் கேட்கும் குரல் எதிராளியின் காதில் விழுவதில்லை. இதை 2005-இல் ஜஸ்டின் க்ருகர், நிக்கலஸ் எப்லி உள்ளிட்டோர் சோதித்தே பார்த்தார்கள். மெயிலில் கிண்டலாக எழுதியதையும் நிஜமாக எழுதியதையும் படிப்பவர் 78 சதவீதம் சரியாகப் பிரித்தறிவார் என்று எழுதியவர்கள் நம்பினார்கள். உண்மையில் சரியாகச் சொன்னது 56 சதவீதம், ஏறக்குறைய காசு சுண்டிப் பார்ப்பது போலத்தான். அதனால் இன்னும் பழகாதவர்களிடம் எழுத்தில் கிண்டல் வேண்டாம். நம்மவர்களுக்கு வரிக் கடைசியில் "சரி..." என்று புள்ளி வைக்கும் பழக்கமும் உண்டு. நமக்கு அது சும்மா ஒரு இழுவை, மற்றவருக்கு அது மனமில்லாமல் ஒப்புக்கொண்டது போலத் தெரியும். மறுபக்கம், சீனியர் ஒருவர் "சரி" என்று ஒற்றை வார்த்தை போட்டால் கோபம் என்று கணக்குப் போடாதீர்கள். பெரும்பாலும் மொபைலில் லிஃப்ட்டில் நின்றுகொண்டு போட்டதாக இருக்கும்.

உங்கள் கோடில் ஒருவர் பதினைந்து இடத்தில் குறை எழுதியிருந்தால் முதலில் சுருக்கென்று இருக்கும். ஒவ்வொன்றுக்கும் "மாற்றிவிட்டேன்" அல்லது "இதை இப்படி வைத்ததற்குக் காரணம் இது, மாற்றட்டுமா?" என்று ஒரு வரி எழுதுங்கள். கோபத்தில் எதையும் அனுப்பாதீர்கள். 1995-இல் இணைய நாகரிகம் பற்றி வெளியான ஆர்எஃப்சி 1855 என்ற ஆவணமே, சீண்டினாலும் சூடான மெயில் அனுப்பாதீர்கள் என்று சொல்லிவிட்டது. எல்லாம் பெரிய எழுத்தில் எழுதினால் கத்துவது போல இருக்கும் என்பதும் அதிலேயே இருக்கிறது. ஒவ்வொரு மெசேஜிலும் "மன்னிக்கவும், தொந்தரவுக்கு மன்னிக்கவும்" என்று எழுதுவதும் தேவையில்லை. மன்னிப்பு உண்மையிலேயே தேவைப்படும் அன்று அதற்கு மதிப்பு இருக்காது.

அனுப்பிய பிறகு மாட்டிக்கொள்வதைத் தவிர்க்க இரண்டு ஏற்பாடு. ஜிமெயில் என்றால் அமைப்புகளில் Undo Send என்பதை 30 விநாடிக்கு மாற்றி வையுங்கள், அதுதான் அதில் அதிகபட்சம். அவுட்லுக்கில் திரும்ப அழைக்கும் வசதி இருந்தாலும் கம்பெனிக்கு வெளியே போன மெயிலை அது மீட்காது. அதனால் மெயிலை எழுதி, கோப்பை இணைத்து, படித்துப் பார்த்த பிறகு கடைசியாக டூவை நிரப்புங்கள். தவறிப்போய் Send பட்டனைத் தட்டினாலும் போக இடம் இருக்காது.

க்ளையன்ட் தரவையோ ஸ்க்ரீன்ஷாட்டையோ வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள், எல்லாரும் ஆபீஸ் ஆட்களே என்றாலும். பாஸ்வேர்ட், ஏபிஐ கீ மாதிரி எதையாவது தவறிச் சேனலில் ஒட்டிவிட்டால், மெசேஜை அழித்துவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். அதற்குள் யாருடைய மொபைல் நோட்டிஃபிகேஷனிலாவது அது போயிருக்கும். அழியுங்கள், உடனே மென்டாருக்கு போன் பண்ணி "இந்தக் கீயைச் சேனலில் ஒட்டிவிட்டேன், இத்தனை மணிக்கு, அழித்துவிட்டேன், மாற்ற வேண்டும்" என்று சொல்லுங்கள். பழைய கீயை ரத்து செய்து புதிது போட அவர்களுக்குச் சில நிமிடம்தான் ஆகும், சொன்னால்.